இருபத்தேழு ரிங்கிட் அறுபது சென்

‘அன்பான வாடிக்கையாளர்களே’ என்று எழுதிவிட்டுப் பரஞ்சோதி பேனாவை மூடி வைத்தார். அடுத்த வரி வரவில்லை.

சுங்கைப் பட்டாணி பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில் இருபத்து மூன்று வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவர் அவர். அரிசி, பருப்பு, மசாலை, பூசைச் சாமான் எல்லாம் உண்டு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டம் மூடிய பிறகு தாமான் என்னும் குடியிருப்புகளுக்கு வந்த குடும்பங்கள். அப்பா காலத்தில் பால் வெட்டியவர்கள்; இன்று பிள்ளைகள் பாக்கார் அராங் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். வாயால் பேசி வியாபாரம் செய்வதில் பரஞ்சோதியை அடிக்க ஆள் கிடையாது. எழுதுவதுதான் வராது.

“என்னங்க, அரை மணி நேரமா ஒரு வரியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?” கல்லாவில் இருந்த மனைவி ரமணி கேட்டாள்.

“கோவம் வராம எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறேன்.”

“காசு கேக்கிறதுக்கு எப்படிச் சொன்னாலும் கோவம் வரும் லா. எழுதுங்க.”

கேட்காமல் இருக்கவும் முடியாது. கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சீனத் தவுக்கே போன வாரம் வந்து, மாத வாடகையில் முந்நூறு ரிங்கிட் ஏற்றப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புது ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. தீபாவளி முடிந்த மறுவாரம் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கைப்பேசிக் கடைக்காரன் ஒருவன் காத்திருக்கிறான்.

மளிகையில் லாபம் மெல்லியது. பத்துக் கிலோ உள்ளூர் அரிசிக்கு அரசாங்கம் விலை கட்டி வைத்திருக்கிறது. அதில் ஒரு சென்கூட ஏற்ற முடியாது. எங்கே முந்நூறைப் பிடிப்பது என்று இருவரும் மூன்று இரவு தேடினார்கள். நான்காம் நாள் காலையில் வங்கியிலிருந்து வந்த மாத அறிக்கையை ரமணி நீட்டினாள்.

“இதப் பாருங்க. கார்டு மெஷினுக்கு மட்டும் போன மாசம் முந்நூத்து இருபத்து நாலு வெள்ளி போயிருக்கு.”

பரஞ்சோதி அதை அதுவரை உற்றுப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் அட்டையைத் தட்டுகிறார். பணம் மறுநாள் கணக்கில் வருகிறது. வருவதற்கு முன்பே வங்கி தன் பங்கைக் கழித்துக்கொள்கிறது. கிரெடிட் அட்டை என்றால் நூற்றுக்கு ஒன்றரை ரிங்கிட். டெபிட் அட்டை என்றால் அதில் பாதிகூட இல்லை. அதற்கு மேல் மெஷினுக்கு மாத வாடகை முப்பது. சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் பிடித்துச் சேமிப்புக் கணக்கிலிருந்து அனுப்பினால் ஒன்றும் பிடிப்பதில்லை. சின்ன வியாபாரி என்று அவருடைய வங்கி விலக்குக் கொடுத்திருந்தது.

முந்நூறு ஏறுகிறது, முந்நூற்று இருபத்து நாலு ஒழுகுகிறது. ஒழுகலை அடைத்தால் கடை நிற்கும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

“ஒரு உதாரணம் போட்டு எழுதுங்க. நூத்துக்கு ஒன்றரைன்னா யாருக்கும் புரியாது. பெருசா வாங்கின பில்லு ஒன்னச் சொன்னாத்தான் நமக்கு எவ்வளவு போகுதுன்னு தெரியும்” என்றாள் ரமணி.

பரஞ்சோதிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பழைய துண்டுச் சீட்டுகளைப் புரட்டினார். பெரிய பில் ஒன்று உடனே கிடைத்தது. அதன் பிறகு பேனா தானாக ஓடியது.

*

*அன்பான வாடிக்கையாளர்களே,*

*வணக்கம். இருபத்து மூன்று வருடமாக எங்களை ஆதரித்து வருகிறீர்கள். ஒரு சிறிய மாற்றத்தைச் சொல்ல இதை எழுதுகிறோம்.*

*நீங்கள் அட்டையில் பணம் கட்டும்போது வங்கி எங்களிடம் கட்டணம் பிடிக்கிறது. உதாரணத்துக்கு, போன மாதம் ஒரு குடும்பம் கருமக்கிரியைச் சாமான் 1,840 ரிங்கிட்டுக்கு வாங்கி கிரெடிட் அட்டையில் கட்டியது. அதில் எங்களுக்கு 27 ரிங்கிட் 60 சென் நட்டம். இப்படி மாதம் முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. கடை வாடகையும் ஏறுகிறது.*

*ஆகவே இன்று முதல் கிரெடிட் அட்டைக்கு நூற்றுக்கு ஒன்றரை ரிங்கிட்டும், டெபிட் அட்டைக்கு நூற்றுக்கு ஐம்பது சென்னும் கூடுதலாக வாங்குவோம். எங்களுக்கு இதில் லாபம் இல்லை. வங்கி பிடிப்பதைத்தான் கேட்கிறோம்.*

*கூடுதல் கட்டாமல் இருக்க வழி உண்டு. ரொக்கமாகக் கொடுக்கலாம். கியூஆர் வழியாகச் சேமிப்புக் கணக்கிலிருந்து அனுப்பலாம். இரண்டுக்கும் ஒரு சென்னும் கூடுதல் இல்லை. அட்டைதான் வேண்டும் என்றால், கிரெடிட்டைவிட டெபிட் மலிவு.*

*மன்னிக்கவும், நன்றி.*
*பரஞ்சோதி, ரமணி.*

*

இருநூறு பிரதி எடுத்து, சாமான் பைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டினார்கள். படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினாள் ரமணி.

முதலில் படித்தவர் இருளப்பன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வந்து ஒரு பொருள் வாங்கிக்கொண்டு ஒன்பது செய்தி சொல்லிவிட்டுப் போவார்.

“மொதலாளி, மூச்சு விட்டா எவ்வளவுன்னு இதுல போடலியே?”

“உங்க கார்டு எங்க இருக்குண்ணே? பொறந்ததுல இருந்து காசுதான் குடுக்கிறீங்க.”

“அதுக்குத்தான் கேக்கிறேன். கார்டுக்குக் கூட வாங்கினா, காசுக்குக் கொறைக்கணும்ல? அது நியாயம் லா!”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பரஞ்சோதியும் சிரித்தார். முதல் நாலு நாளும் இப்படித்தான் போனது. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அட்டையைத் தட்டினார்கள். பலர் கைப்பேசியை எடுத்துக் கியூஆரைப் பிடித்தார்கள். “இதுக்குப் போயி இவ்வளவு பெரிய லெட்டரா?” என்று ஒரு பெண் கேட்டுவிட்டு, சரியான சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனாள். ரமணிக்கு நம்பிக்கை வந்தது. தவுக்கேயின் ஒப்பந்தத் தாளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கல்லாவுக்குக் கீழே வைத்தாள்.

ஐந்தாம் நாள் மாலை தயாளன் வந்தான்.

தயாளன் வீரசாமியின் மூத்த மகன். தொழிற்சாலை ஒன்றில் டெக்னீசியன். வீரசாமி இந்தக் கடை திறந்த நாளில் வாழைக்குலை கட்ட ஏணி பிடித்தவர். தோட்டத்துக் குடும்பங்களை ஒவ்வொன்றாக இந்தக் கடைக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். ‘நம்ம கடை இருக்கும்போது எதுக்கு வெளிய?’ என்று எல்லாரிடமும் சொல்வார். ஒன்றரை மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். எழுபது பேருக்குச் சமைத்துப் பதினாறாம் நாள் காரியம் நடந்தது.

“வா தம்பி, அம்மா எப்படி இருக்காங்க?” என்றார் பரஞ்சோதி.

தயாளன் பையில் இருந்து மடித்த கடிதத்தை எடுத்துக் கல்லாவின் மேல் விரித்தான். ஒரு வரியின் கீழ் நீல மையில் கோடு போட்டிருந்தது.

“இது யாரு, அண்ணே?”

பரஞ்சோதி அந்த வரியைப் பார்த்தார். அப்போதுதான் அது யாருடைய பில் என்பது அவருக்கே முழுதாக உறைத்தது.

“தம்பி, பேரு ஒன்னும் போடலியே...”

“போன மாசம் தாமான்ல எத்தன பேரு செத்தாங்க? எங்கப்பா ஒருத்தருதான். பேரு எதுக்கு?” அவன் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. “தாமான் குரூப்புல நூத்தி நாப்பது பேரு. நீங்க அனுப்பின படத்த யாரோ போட்டுட்டான். ‘வீரசாமி அண்ணன் காரியத்தால கடைக்காரருக்கு நட்டமாம்’னு கீழ எழுதியிருக்கான். சிரிக்கிற மூஞ்சி வேற போட்டிருக்கான். எங்கம்மா படிச்சாங்க.”

“நான் உதாரணத்துக்குத்தான்...”

“சரிண்ணே. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? நான் காச எடுத்து எண்ண ஆரம்பிச்சேன். சனங்க குடுத்த காசு, கைல ரெண்டாயிரத்து சொச்சம் இருந்துச்சு. நீங்கதான் என் கையப் புடிச்சீங்க. ‘காரிய வீட்டுல கைல காசு இருக்கணும்பா, ஐயருக்கு வேணும், வண்டிக்கு வேணும். காச உள்ள வை. கார்டப் போடு, ஒன்னும் பிரச்சன இல்ல’ன்னீங்க. சொன்னீங்களா இல்லியா?”

பரஞ்சோதியின் கண் கார்டு மெஷினுக்குப் போனது. சொன்னதுதான். தன் கையால் அந்த அட்டையை வாங்கித் தட்டியதும் நினைவிருந்தது. அன்று அதைப் பெரிய உதவியாக நினைத்து, வீட்டுக்குப் போய் ரமணியிடம்கூடச் சொன்னார். ஒரு மாதத்துக்குப் பிறகு துண்டுச் சீட்டைப் புரட்டியபோது கண்ணில் பட்டது தொகை மட்டும்தான்.

“எனக்கு அது உதவின்னு தெரிஞ்சுச்சு. உங்களுக்கு நட்டம்னு இப்பத்தான் தெரியுது” என்றான் தயாளன்.

சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தான். ஒரு இருபது, ஒரு ஐந்து, இரண்டு ஒற்றை நோட்டு. ஐம்பது சென் ஒன்று, பத்து சென் ஒன்று. முன்பே எண்ணி எடுத்து வந்திருக்கிறான்.

“தம்பி, எடு. கெஞ்சிக் கேக்கிறேன், எடுத்துக்க.”

“வேணாண்ணே. எங்கப்பா கணக்கு யாருகிட்டயும் நிக்கக் கூடாது. இன்னொன்னு. நான் பேங்குக்குப் போன் அடிச்சுக் கேட்டேன். கார்டுக்கு இப்படிக் கூட வாங்கக் கூடாதாம். நீங்க மெஷின் வாங்கும்போது போட்ட அக்ரிமெண்டுலயே இருக்காம். கம்ப்ளேன் பண்ணிட்டேன். பின்னால சொல்லல, நேருக்கு நேரா வந்து சொல்றேன்.”

அவன் போனதும் வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, கூடையில் எடுத்த பருப்பைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனாள்.

ரமணி அந்த நோட்டுகளைத் தொடவில்லை. வெறும் மைலோ டின் ஒன்றில் போட்டு, கார்டு மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார் பரஞ்சோதி. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார்.

*

தயாளன் வந்துபோன நாலாம் நாள் வங்கியிலிருந்து ஆள் வந்தான். சசிதரன் என்று பெயர். கழுத்தில் அட்டை தொங்கியது. தமிழ்ப் பையன் என்றதும் பரஞ்சோதிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ரமணி அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

“அங்கிள், இது நீங்க சைன் பண்ணது.” அவன் ஒப்பந்தத்தின் பிரதியைத் திருப்பி ஒரு பத்தியைக் காட்டினான். ஆங்கிலத்தில் சிறு எழுத்தில் இருந்தது. “கார்டுல கட்டறவங்ககிட்ட கூடுதல் சார்ஜ் வாங்கக் கூடாது. மினிமம் இவ்வளவுக்கு வாங்கணும்னும் சொல்லக் கூடாது. லெட்டரக் கழட்டிருங்க. இது வரைக்கும் வாங்குனதத் திருப்பிக் குடுத்திருங்க. இது மொத வார்னிங். மறுபடி கம்ப்ளேன் வந்தா மெஷினத் தூக்கிருவாங்க.”

“தம்பி, நீங்க என்கிட்ட புடிக்கிறதத்தான நான் கேட்டேன்? ஒரு சென்னு கூட வைக்கலியே.”

“புரியுது அங்கிள். ரூல் அப்படி.”

“அப்ப பேங்கு புடிக்கலாம். நான் புடிச்சா தப்பு.”

சசிதரன் கப்பைக் கீழே வைத்தான். அவனும் சங்கடப்பட்டான். “ஒரு வழி இருக்கு அங்கிள். டிஸ்கவுண்டு குடுக்கலாம். அதுக்குத் தட இல்ல.”

“என்ன டிஸ்கவுண்டு?”

“சாமான்ல போடற விலையக் கொஞ்சம் கூட்டி எழுதிக்குங்க. கண்ட்ரோல் விலை சாமானத் தொடாதீங்க, மத்ததுல. அந்த விலைக்கே கார்டுல வாங்கலாம். காசாக் குடுத்தா, கியூஆர்ல குடுத்தா இவ்வளவு தள்ளுபடின்னு போர்டு வைங்க. அது சட்டப்படி சரி.”

ரமணி அவனையே பார்த்தாள். “ரெண்டும் ஒன்னுதான தம்பி? நூறு வெள்ளிச் சாமானுக்கு மேல ஒன்னரை வாங்கினா தப்பு. நூத்தி ஒன்னரைன்னு எழுதி ஒன்னரையக் கொறைச்சா சரியா?”

“ஆமாக்கா.”

“நல்லா இருக்கு லா.”

“பெரிய சூப்பர்மார்க்கெட்டுல எல்லாம் விலைக்குள்ளயே இருக்கும்க்கா. அவங்க யாருக்கும் லெட்டர் எழுதறதில்ல” என்றான் சசிதரன். கிண்டலாகச் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

போகும்போது கண்ணாடியில் ஒட்டியிருந்த கடிதத்தை அவனே கழற்றினான். பசை பிடித்த இடம் மட்டும் நாலு மூலையிலும் நின்றது.

ஒன்பது நாளில் கூடுதலாக வாங்கியது மொத்தம் ஐம்பத்தெட்டு ரிங்கிட் நாற்பது சென். துண்டுச் சீட்டுகளைப் பார்த்து, ஆள் ஆளாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு ரிங்கிட்டுக்காகக் கூப்பிட்டபோது சிலர், “வச்சுக்குங்க மொதலாளி, நட்டமாயிரும்” என்றார்கள். அந்தச் சொல்லைத் தாமானில் எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி நாளில் அடைத்துவிட்டு, மைலோ டின்னில் இருந்த பணத்தை உறையில் போட்டுக்கொண்டு பரஞ்சோதி வீரசாமியின் வீட்டுக்குப் போனார். தயாளன் வேலைக்குப் போயிருந்தான். வீரசாமியின் மனைவி லக்ஷ்மி கதவைத் திறந்தாள். வெளியே நிற்க வைக்கவில்லை. உட்காரச் சொன்னாள், தேநீர் கலந்து கொண்டுவந்தாள். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. பரஞ்சோதி அதன் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.

“அக்கா, தப்பா எழுதிட்டேன். மனசுல வச்சு எழுதல.”

“தெரியும் தம்பி.”

“தயாளன் வச்சிட்டுப் போன காசு. இத நீங்க வாங்கிக்கணும்.”

லக்ஷ்மி உறையைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

“அன்னிக்கு லிஸ்ட யாரு எழுதினா, தம்பி?”

பரஞ்சோதி உறையை மடியில் இறக்கினார்.

“நீங்கதான். நாங்க அம்பது பேருக்குன்னு சொன்னோம். நீங்கதான் ‘வீரசாமி அண்ணனுக்கு எழுவது பேராச்சும் வரணும், கொறையாச் செஞ்சா நல்லா இருக்காது’ன்னு எழுதினீங்க. நெய்யி ரெண்டு டின்னு சேத்தீங்க. நான் தயாளன்கிட்ட சொன்னேன், பாரு, சொந்தத் தம்பி கூட இப்படிச் செய்ய மாட்டான்னு.” அவள் சேலைத் தலைப்பால் மேசையில் சிந்திய தேநீரைத் துடைத்தாள். “அதுக்கு அப்புறம் நீங்க பில்ல எடுத்துப் பாத்தீங்க. அதுல அவரு இல்ல. சாமான்தான் இருந்துச்சு.”

“அக்கா...”

“கடைக்காரரு கணக்குப் பாக்கணும் லா. அதத் தப்புன்னு சொல்லல. ஆனா அத எழுதி, எங்க வீட்டுப் பைக்குள்ளயே போட்டு அனுப்பிட்டீங்களே. பருப்ப எடுக்கக் கைய வுட்டேன், அந்தத் தாளுதான் வந்துச்சு.”

தேநீர் ஆறிப்போனது. உறையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலுக்கு வந்ததும் லக்ஷ்மி பின்னாலேயே வந்து அதை அவருடைய சட்டைப் பையில் வைத்தாள். பிள்ளைக்கு வைப்பதுபோல், சத்தமில்லாமல்.

“தீபாவளிச் சாமான், அக்கா... பழையபடி நானே கொண்டாந்து குடுக்கிறேன்.”

“இந்த வருசம் எங்களுக்குத் தீபாவளி இல்ல தம்பி” என்றாள்.

அது அவருக்கும் தெரியும். வருடம் திரும்பாத வீட்டில் பண்டிகை கிடையாது. தெரிந்தும் கேட்டுவிட்டார். வாய் வியாபாரம் பழகிய வாய்.

*

விலைச் சீட்டுகளை மாற்றி எழுத ஒரு வாரம் ஆனது. ‘ரொக்கத்துக்கும் கியூஆருக்கும் நூற்றுக்கு ஒன்றரை தள்ளுபடி’ என்று புதுப் பலகை தொங்கியது. இந்த முறை எல்லாம் சரி. வங்கியும் ஒன்றும் சொல்லவில்லை. தாமான்காரர்கள் வந்து பார்த்தார்கள். மிளகாய்த்தூளின் மேல் பழைய விலையை அடித்துப் புது விலை எழுதியிருப்பதை மட்டும் பார்த்தார்கள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முறுக்கு மாவுக்கும் நெய்க்கும் வழக்கமாக வரிசை நிற்கும். வாசல் வரைக்கும் எண்ணெய் டின் அடுக்குவார்கள். இந்த வருடமும் அடுக்கினார்கள். அடுக்கியது அப்படியே இருந்தது.

இருளப்பன் மட்டும் தவறாமல் வந்தார்.

“எல்லாரும் எங்கண்ணே போறாங்க?” ஒருநாள் பரஞ்சோதி கேட்டே விட்டார்.

“மால்ல இருக்கிற சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான். தயாளன் ஒருத்தருகிட்டயும் போவாதீங்கன்னு சொல்லல, அதையும் சொல்லிடறேன். அந்தப் பையன் வாயே தொறக்கல. சனங்களா போறாங்க.”

“அங்க விலை நம்மள விடக் கூட. பருப்பு கிலோவுக்கு அறுவது காசு கூட. நான் போயே பாத்தேன்.”

“கூடத்தான். நானும் பாத்தேன்.”

“பின்ன?”

இருளப்பன் சிரிக்கவில்லை. “அங்க கல்லாவுல நிக்கிற புள்ளைக்கு என்னைய யாருன்னு தெரியாது மொதலாளி. நான் செத்தாலும் தெரியாது. அதனால அவ எழுத மாட்டா. நாளைக்கு என் காரியத்துக்குச் சாமான் வாங்கினா, எவ்வளவு நட்டம்னு நீங்க மனசுக்குள்ளயாவது போடுவீங்களான்னு எனக்கே ஒரு நெனப்பு வருது. மத்தவங்களுக்கு வராதா?”

“இனிமே போடுவனா, அண்ணே?”

“போட மாட்டீங்க. ஆனா நெனப்பு வந்துருச்சு லா.”

அவர் அன்று வாங்கியது மசாலைத்தூள் ஒரு பாக்கெட். நாலு ரிங்கிட் ஐம்பது. தள்ளுபடி போக நாலு நாற்பத்து மூன்று. ஐந்து சென்னுக்குக் கீழே காசு இல்லாததால் நாலு நாற்பத்தைந்தாக முடிந்தது. ரமணி ஐந்து சென்னைத் திருப்பிக் கொடுத்தாள். இருளப்பன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“அன்னிக்குக் கேட்டேன், குடுத்திட்டீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கமான ஒன்பது செய்தி அன்று இல்லை.

தீபாவளி முடிந்து நாலாம் நாள் வங்கியின் மாத அறிக்கை வந்தது. ரமணி அதை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

“எவ்வளவு?” என்றார் பரஞ்சோதி.

“மெஷின் வாடகை முப்பது. அதத் தவிர, கார்டு கட்டணம் ஒம்பது வெள்ளி முப்பது காசு.”

“தீபாவளி மாசத்துலயா?”

“தீபாவளி மாசத்துலதான்.” தாளை மடித்து அவர் முன்னால் வைத்தாள். “ஒழுகல அடைச்சிட்டோங்க.”

அவள் அழவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. உதாரணம் போடச் சொன்னது தான்தான் என்பதை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. அவரும் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்த இரண்டு மாதத்தில் மிச்சம் இருந்த ஒரே நல்ல காரியம் அது.

மறுநாள் தவுக்கே வந்தார். கல்லாவுக்குக் கீழே கிடந்த ஒப்பந்தத் தாளைப் பரஞ்சோதி எடுத்து, தூசி தட்டி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். தவுக்கே அவரையும் வாசலில் நிற்கும் எண்ணெய் டின்களையும் பார்த்தார். “சாயாங் லா, பரஞ்சோதி. இத்தனை வருடம்” என்று மலாயில் வருத்தப்பட்டுவிட்டு, வெளியே போய்க் கைப்பேசிக் கடைக்காரனை அழைத்தார்.

அன்று மாலை மெஷினைத் திருப்பித் தரச் சசிதரனுக்குப் போன் செய்தார்கள். அதை மின்கம்பியிலிருந்து கழற்றியபோது பக்கத்தில் மைலோ டின் இருந்தது. உள்ளே லக்ஷ்மி திருப்பிக் கொடுத்த உறை. பரஞ்சோதி அதை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி டின்னிலேயே போட்டார்.

பிறகு பேனாவைத் திறந்தார். இந்த முறை அரை மணி நேரம் ஆகவில்லை. எழுதி முடித்து, பழைய கடிதத்தின் பசை நின்ற அதே நாலு மூலையில் ஒட்டச் சொல்லி ரமணியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிப் படித்தாள். ‘இம்மாதம் முப்பதாம் தேதியோடு கடை மூடப்படும்.’ ஒரே வரிதான். காரணம் எழுதவில்லை. உதாரணமும் போடவில்லை.